படத்தில் மூன்று படிகள் தெரிகின்றன: காப்பாட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காப்பாட்சியர் அவர்களுக்கும், புதிய காட்சிக்கூடத்தை அமைத்துவரும் குழுவினருக்கும்,

வணக்கம். அடுத்த மாதம் திறக்கப்போகும் பானையோட்டுக் காட்சிக்கூடம் பற்றிய உங்கள் துண்டறிக்கை போன வாரம் எங்கள் பள்ளிக்கு வந்தது. தலைமை ஆசிரியர் அதை என் மேசையில் வைத்து, "டீச்சர், இது உங்களுக்குத்தான்" என்றார். எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுப்பவள் நான். ஆண்டுக்கு ஒரு முறையாவது ஏழாம் வகுப்பை எங்கேயாவது கூட்டிப்போவது என் வழக்கம் என்பதால் இந்த மாதிரித் தாள்களெல்லாம் என்னிடம் வந்து சேரும்.

அறிக்கையில் பாதிப் பக்கத்துக்கு ஒரு படம். புதிய கூடத்தின் முகப்பு, தேக்குக் கதவு, மேலே பெயர்ப்பலகை. படத்துக்கு அடியில் இந்தக் குறிப்பு:

"புதிய காட்சிக்கூடம் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்படுகிறது. பள்ளி மாணவ மாணவியர் குழுவாக வந்து கண்டு பயன்பெறலாம். மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணம். மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி உண்டு."

நான்கே வரி. படித்து முடித்ததும் நான் மறுபடியும் படத்தைத்தான் பார்த்தேன். கதவுக்கு முன்னால் மூன்று படிகள் தெளிவாகத் தெரிகின்றன. கைப்பிடி இல்லை, சரிவுப்பாதை இல்லை. வசதி உண்டு என்கிற வரி அந்தப் படிகளுக்கு நேர் கீழே அச்சாகியிருக்கிறது.

இதே குறிப்பைத்தான் நுழைவாயில் பலகையிலும் எழுதப்போகிறீர்கள் என்று துண்டறிக்கை கொண்டுவந்த உங்கள் ஊழியர் சொன்னார். பலகைக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லையாம். அதனால்தான் அவசரமாக இந்த மடல். குறை சொல்லி உங்கள் விழாவைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. சென்ற ஆண்டு உங்கள் பழைய கூடத்துக்கு 38 பிள்ளைகளோடு வந்தபோது நடந்ததைச் சொன்னால், இந்த நான்கு வரியில் என்ன குறைகிறது என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

முதலில் படியிலிருந்தே தொடங்குகிறேன்.

என் வகுப்பில் ஒரு பையன் சக்கர நாற்காலியில் வருபவன். அன்று அவனோடு அவன் அம்மாவும் வந்திருந்தார். வருவதற்கு முன் நான் உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். "ராம்ப் இருக்கும்மா, தாராளமா வாங்க" என்றார்கள். வந்து பார்த்தால் சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒரு பிளைவுட் பலகையை எடுத்துப் படிகளின் மேல் போட்டார் காவலர். பலகையின் நீளம் ஆறடி. படி ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், மூன்று படிக்கு ஒன்றரை அடி உயரம். அதாவது நான்கடி போனால் ஓரடி ஏறுகிற சரிவு. பொதுக் கட்டடங்களுக்கு மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகள் சொல்வது பன்னிரண்டுக்கு ஒன்று. ஓரடி ஏற வேண்டுமானால் சரிவு பன்னிரண்டு அடி நீள வேண்டும். உங்கள் மூன்று படிக்கு அப்படிப் பார்த்தால் பதினெட்டு அடி வேண்டும்.

ஆறடிக்கும் பதினெட்டடிக்கும் என்ன வித்தியாசம் என்பதை அந்தப் பலகையில் ஏற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்சக்கரம் பலகையில் ஏறியதும் நாற்காலி பின்னால் சாய்ந்தது. பையனின் தலை அவன் அம்மாவின் வயிற்றில் வந்து முட்டியது. அவர் இரண்டு கையாலும் நாற்காலியைத் தாங்கிக்கொண்டு, "வேண்டாம் சார், நான் தூக்கிட்டே போயிடுறேன்" என்றார். பையனுக்குப் பன்னிரண்டு வயது. அம்மா தூக்கிக்கொண்டு போவதை 37 வகுப்புத் தோழர்கள் பார்க்க வேண்டாம் என்று அவன் நினைத்தான். "நான் வேன்லயே இருக்கேன் டீச்சர்" என்றான்.

அப்புறம்தான் காவலருக்கு நினைவு வந்தது. "டீச்சர், பின்னாடி ஒரு வழி இருக்கு. அங்க படியே கிடையாது. ஆனா சாவி ஆபீஸ்ல." சாவி வைத்திருந்தவர் வங்கிக்குப் போயிருந்தார். அவர் வந்து கதவைத் திறக்க இருபத்தைந்து நிமிடம். திறந்தபோது இன்னொன்று. அது இரட்டைக் கதவு. ஒரு கதவைத் தாழ்ப்பாள் போட்டு வைத்துவிட்டு மற்றதை மட்டும்தான் திறப்பார்களாம். ஒற்றைக் கதவின் அகலம் இரண்டடி. பையனின் நாற்காலி வெளிச்சக்கரங்களோடு சேர்த்து இருபத்தாறு அங்குலம். துருப்பிடித்துக் கிடந்த தாழ்ப்பாளைக் கல்லால் தட்டித் திறந்தோம். இரண்டு கதவும் திறந்தபின் நான்கடி வழி. யாரும் தொடாமல் நாற்காலி தானாகவே உள்ளே போனது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் கட்டடத்தில் நல்ல வழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பின்பக்கம் தரை மேடாக இருப்பதால் அங்கே படியே தேவைப்படவில்லை. துண்டறிக்கையின் மூலையில் இருக்கும் சிறு வரைபடத்தைப் பார்த்தால், புதிய கூடமும் அதே பின்தாழ்வாரத்தில்தான் வந்து சேர்கிறது. பதினெட்டடிச் சரிவு கட்ட நிதியும் இடமும் வரும்வரை அந்த வழியையே சொல்லலாம். "படியில்லாத வழி: பின்வாசல். பார்வை நேரம் முழுவதும் திறந்திருக்கும். கதவின் அகலம் 4 அடி." இவ்வளவு எழுதினால் போதும். இந்த வரியைப் பலகையில் எழுதிவிட்டால் காலையில் அந்தக் கதவைத் திறப்பது யாரோ ஒருவரின் வேலையாகிவிடும். "வசதி உண்டு" என்று எழுதினால் அது யாருடைய வேலையும் ஆவதில்லை. பலகை தன் பாட்டுக்கு இருக்கும், சாவி தன் பாட்டுக்கு இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை உங்களுக்கு நான் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை விதிகள் வந்ததிலிருந்து ஐந்தாண்டுக்குள் அணுகத்தக்கவையாக மாற்றச் சொன்னது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. அந்தக் கெடு முடிந்து போயிற்று. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும், இந்த அளவுகளை வெறும் பரிந்துரையாக விட்டுவைப்பது சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய தரங்களை வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. பழைய கட்டடத்துக்கு நியாயமான சிரமங்கள் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் திறக்கப்போவது புதிய கூடம். அதன் வாசலில் மூன்று படி எப்படி வந்தது என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

உள்ளே போன பிறகு நடந்தது வேறு கதை. உங்கள் கண்ணாடிப் பெட்டிகளின் மேல்விளிம்பு மூன்றரை அடியில் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்த நிலையில் பையனின் கண்மட்டம் மூன்றேகால் அடி. நான் வகுப்பறை அளவுகோலை வைத்தே அளந்தேன். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பெட்டியின் மரச்சட்டமும், கண்ணாடியில் பட்டுத் தெறித்த டியூப்லைட் வெளிச்சமும்தான். ஓடுகள் உள்ளே தட்டையாகப் படுத்துக் கிடந்தன. பெட்டியின் உயரத்தை மாற்ற முடியாவிட்டாலும் உள்ளே இருக்கும் பலகையை முன்பக்கமாகச் சாய்த்து வைக்கலாம். புத்தகத்தை ஸ்டாண்டில் சாய்த்து வைப்பது மாதிரி. அப்போது உட்கார்ந்திருப்பவனுக்கும் தெரியும், குட்டைப் பிள்ளைகளுக்கும் தெரியும். புதிய பெட்டிகள் இன்னும் தச்சரிடம் இருந்தால், மேல்விளிம்பை மூன்றடிக்கு மேல் போகவிடாதீர்கள்.

இன்னொரு மாணவிக்குப் பார்வை குறைவு. முகத்தருகே வைத்தால் பெரிய எழுத்தைப் படிப்பாள். உங்கள் கூடத்தில் பிரெய்ல் குறிப்பு ஒன்று இருந்தது. நல்ல எண்ணத்தில் செய்தது என்று தெரிகிறது. ஆனால் அது கண்ணாடிப் பெட்டிக்கு உள்ளே இருந்தது. விரலால் படிக்க வேண்டியதைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டால் யார் படிப்பது? இது உங்களிடம் மட்டும் நடக்கிற தவறு இல்லை. பிரெய்ல் புள்ளிகளை மேடாக இல்லாமல் மையால் தட்டையாக அச்சடித்து ஒட்டிய பலகைகளையும் நான் பார்த்திருக்கிறேன். கண்ணால் பார்ப்பவர் மட்டும் செய்து, கண்ணால் பார்ப்பவர் மட்டும் சரிபார்க்கும்போது இப்படி ஆகிறது. நல்ல புள்ளி அரை மில்லிமீட்டர் அளவாவது மேலெழுந்து நிற்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

பிரெய்லுக்கு எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்துக்கட்டத்துக்கு ஆறு மில்லிமீட்டர் அகலம், ஒரு வரிக்கு ஒரு சென்டிமீட்டர் உயரம் என்று வையுங்கள். தமிழில் "கீ" என்று எழுத இரண்டு கட்டம் வேண்டும், மெய்க்கு ஒன்று, உயிருக்கு ஒன்று. அறுபது சொல் கொண்ட ஒரு குறிப்பு ஒரு ஏ4 தாளை ஏறக்குறைய நிறைத்துவிடும். அதனால் பெட்டிக்குப் பெட்டி சிறு தகடு ஒட்டுவது நடக்காத காரியம். எல்லாக் குறிப்புகளையும் ஒரு பிரெய்ல் புத்தகமாகக் கட்டி, நுழைவுச்சீட்டு மேசையில் வைத்து, கேட்பவருக்குக் கொடுத்தால் போதும். என் மாணவியைப் போன்றவர்களுக்கு, பிரெய்ல் தெரியாத ஆனால் பார்வை குறைந்தவர்களுக்கு, அதே குறிப்புகளைப் பதினெட்டு பாயின்ட் எழுத்தில் வெள்ளைத் தாளில் கறுப்பாக அச்சடித்த இன்னொரு கட்டு. இதற்கு ஆகும் செலவு ஜெராக்ஸ் கடைச் செலவுதான். பழுப்புப் பின்னணியில் பொன்னிற எழுத்து, அதன் மேல் ஸ்பாட் விளக்கு என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். என் கண்ணுக்கே அது எட்டவில்லை.

தொட்டுப் பார்க்கிற பொருள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015-இலிருந்து "அனுபவ்" என்று ஒரு கூடம் இருக்கிறது. சிற்பங்களின் பிரதிகளைத் தொட்டே பார்க்கலாம். உங்களிடம் அவ்வளவு பெரிதாக எதுவும் கேட்கவில்லை. உங்கள் புதிய கூடம் பானையோடு பற்றியது. நம் மாவட்டத்தில் இன்னும் சூளை போடுகிற வேளார் குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு கறுப்பு-சிவப்புப் பானையைப் பிரதியாகச் செய்து தரச் சொல்லுங்கள். சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது உள்பக்கத்துக்குக் காற்று போகாது, அது கறுக்கும். வெளிப்பக்கம் காற்றுபட்டுச் சிவக்கும். அன்று என் பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வியே "ஏன் டீச்சர் உள்ள மட்டும் கறுப்பு?" என்பதுதான். அதற்கு உங்கள் குறிப்பில் விடை இல்லை. "கறுப்பு-சிவப்பு நிறப் பானை ஓடு, இரும்புக்காலம்" என்று மட்டும் எழுதியிருந்தது. நிறம் கண்ணுக்கே தெரிகிறதே, காரணத்தை அல்லவா எழுத வேண்டும்!

அன்று நான் வீட்டிலிருந்து ஓர் உடைந்த சட்டியின் துண்டைக் கொண்டுபோயிருந்தேன். அதில் ஆணியால் ஒரு மீன் கீறியிருந்தேன், உங்கள் பெட்டியில் இருந்த குறியீட்டைப் போலவே. பார்வை குறைந்த மாணவி அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "சுட்ட பிறகு கீறினதா, பச்சையா இருக்கும்போது கீறினதா?" என்று கேட்டாள். நான் திகைத்துப்போனேன். ஈரமான மண்ணில் கீறினால் ஓரத்தில் மண் லேசாக ஒதுங்கி மேடு கட்டும். சுட்டதில் கீறினால் ஓரம் பொடிப்பொடியாகச் சிராய்ந்திருக்கும். அகழாய்வு செய்பவர்களும் பார்ப்பது அந்த ஓரத்தைத்தான். நான் கீறியது சுட்ட சட்டியில். பார்க்க முடிந்த 37 பேரில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை.

சரி, கட்டணத்துக்கு வருகிறேன்.

"மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணம்." எவ்வளவு? யார் மாணவர்? எதைக் காட்டினால் சலுகை? சென்ற ஆண்டு தொலைபேசியில் "ஸ்டூடண்டுக்கு அஞ்சு ரூபா" என்றார்கள். 38 பேருக்கு 190 ரூபாய். பிள்ளைகளிடம் ஆளுக்கு ஐந்து ரூபாய் வாங்கி ஓர் உறையில் போட்டு வைத்திருந்தேன். இரண்டு பேர் கொண்டுவரவில்லை, அவர்களுக்கு நான் போட்டேன். நுழைவுச்சீட்டு மேசையில், தலைமை ஆசிரியரின் முத்திரையிட்ட கடிதம் இருந்தால்தான் மாணவர் கட்டணம், இல்லாவிட்டால் சிறுவர் கட்டணம் பத்து ரூபாய் என்றார்கள். பள்ளிச் சீருடையில் 38 பேர் வரிசையாக நிற்கிறார்கள், என்றாலும் கடிதம் வேண்டும். பெரியவர்களுக்குப் பதினைந்து. இரண்டு ஆசிரியர்கள், பையனின் அம்மா, ஆக மூன்று பேர். அப்புறம் என் கையில் இருந்த கைபேசியைப் பார்த்துவிட்டு, புகைப்படக் கட்டணம் முப்பது. மொத்தம் 380, 45, 30. ஆக 455 ரூபாய். உறையில் இருந்தது 190. மீதி 265 என் பையிலிருந்து போனது.

265 ரூபாய்க்காக மடல் எழுதுகிறாள் என்று நினைக்காதீர்கள். அன்று வேன் வாடகை மட்டும் 4,500. உங்கள் கட்டணம் எங்கள் செலவில் ஒரு சிறு துளி. ஆனால் அரசுப் பள்ளி ஆசிரியை ஒருத்தி வகுப்பை வெளியே கூட்டிப்போக வேண்டுமென்றால் மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும், பெற்றோரிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டும், ஆளுக்கு எவ்வளவு என்று முதல்நாளே சொல்லியாக வேண்டும். ஒரு முறை சொன்ன தொகையை மறுநாள் கூட்டிச் சொல்ல முடியாது. பத்து ரூபாய் கூடுதல் என்றால் வராமல் நின்றுவிடும் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் காரணத்தைச் சொல்ல மாட்டார்கள், அன்று காய்ச்சல் என்பார்கள்.

மத்தியத் தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் கிடையாது. ஒரே வரி. தஞ்சாவூர் பக்கம் போனாலும் மாமல்லபுரம் போனாலும் எனக்குக் கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. நீங்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அது உங்கள் கையில் மட்டும் இல்லை என்று தெரியும். ஐந்து ரூபாய் என்றால் ஐந்து ரூபாய் என்றே போடுங்கள். கடிதம் வேண்டுமென்றால் கடிதம் வேண்டும் என்று போடுங்கள். ஆசிரியருக்கு உண்டா இல்லையா, துணைக்கு வரும் அம்மாவுக்கு உண்டா இல்லையா என்று போடுங்கள். மாற்றுத்திறனாளி மாணவனுக்கு இலவசம் என்று வைத்தாலும், அவனைக் கூட்டி வந்தவருக்குப் பதினைந்து ரூபாய் என்பது நடைமுறையில் அவனுக்கே பதினைந்து ரூபாய் என்பதுதான். அவர் இல்லாமல் அவன் வர முடியாது. இன்னொரு சின்ன விஷயம்: 41 துண்டுச் சீட்டு கொடுப்பதற்குப் பதில், பள்ளியின் பெயரில் ஒரே ரசீது கொடுங்கள். கணக்கு ஒப்படைக்கும்போது அந்த 41 சீட்டையும் நான் வெள்ளைத்தாளில் பசையால் ஒட்டினேன்.

"குழுவாக வந்து கண்டு பயன்பெறலாம்" என்ற வரிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சுவரோரம் நிற்கும் ஆறடிப் பெட்டியின் முன் ஒரே நேரத்தில் ஐந்து பிள்ளைகள் நின்று பார்க்கலாம். நெருக்கினால் ஆறு. 38 பேருக்கு எட்டு சுற்று. சுற்றுக்கு இரண்டு நிமிடம் என்றால் ஒரு பெட்டிக்கே பதினாறு நிமிடம். மற்ற முப்பத்து மூன்று பேர் அதுவரை என்ன செய்வார்கள்? ஒருவரை ஒருவர் தள்ளுவார்கள், கண்ணாடியில் கை வைப்பார்கள், காவலர் அதட்டுவார். நடந்ததும் அதுதான். பாவம் காவலர் மேல் தப்பில்லை. "ஒரு நேரத்தில் 20 பேர்" என்று நீங்கள் முன்னமே எழுதியிருந்தால் நான் வகுப்பை இரண்டாகப் பிரித்திருப்பேன். பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் முற்றத்து வேப்பமரத்தடியில் சட்டித்துண்டை வைத்துக் குறியீடு வரைந்துகொண்டு. இதற்காகத்தான் முன்பதிவு கேட்க வேண்டும். ஒரே நாளில் மூன்று பள்ளிகள் வந்து நின்றால் எந்த ஏற்பாடும் நிற்காது.

வார விடுமுறை நாளையும் போட மறந்துவிட்டீர்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, டெல்லி தேசிய அருங்காட்சியகத்துக்குத் திங்கள்கிழமை. இடத்துக்கு இடம் மாறுகிற ஒன்றை ஆசிரியர் ஊகிக்க முடியாது. பூட்டிய கேட்டின் முன் வேனை நிறுத்திவிட்டு 38 முகங்களைத் திரும்பிப் பார்க்கிற நிலை எங்கள் பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு வேறோர் ஊரில் நேர்ந்தது. கழிப்பறை, குடிநீர், கட்டுச்சோறு சாப்பிட நிழலான இடம், இவையும் அதே மாதிரிதான். இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள், நாங்கள் குடம் கொண்டுவருவோம்.

இவ்வளவும் எழுத இடமில்லை என்பீர்கள். துண்டறிக்கையின் பின்பக்கம் முழுவதும் திறப்பு விழாவின் முன்னிலை, தலைமை, வாழ்த்துரை, நன்றியுரை என்று பதினோரு வரிகள் இருக்கின்றன. விழா ஒரு நாள், பலகை பல ஆண்டு. நான் ஒரு வாசகம் எழுதிப் பார்த்திருக்கிறேன். எண்கள் சென்ற ஆண்டு எனக்குத் தெரிந்தவை. நேரம், விடுமுறை நாள், தொலைபேசி எண் ஆகியவற்றுக்கு இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிக்கும் துணையாளருக்கும் ஆசிரியருக்கும் கட்டணம் இல்லை என்பது மட்டும் என் ஆசை.

"பானையோட்டுக் காட்சிக்கூடம். நேரம் … முதல் … வரை. விடுமுறை: … கிழமை.

பள்ளிக் குழுக்கள் மூன்று நாள் முன்பு … என்ற எண்ணில் பதிவு செய்யவும். ஒரு நேரத்தில் 20 பேர் பார்க்கலாம், சுமார் 45 நிமிடம் ஆகும். 40 பேர் வந்தால் இரண்டு பிரிவாக அனுமதிப்போம். காத்திருக்க முற்றத்தில் நிழல் உண்டு.

கட்டணம்: பெரியவர் 15 ரூபாய், சிறுவர் 10 ரூபாய். தலைமை ஆசிரியர் கடிதத்தோடு வரும் மாணவர் 5 ரூபாய். உடன் வரும் ஆசிரியர், மாற்றுத்திறனாளி, அவருடைய துணையாளர் ஆகியோருக்குக் கட்டணம் இல்லை. கைபேசியில் படம் எடுக்க 30 ரூபாய். பள்ளியின் பெயரில் ஒரே ரசீது தரப்படும்.

முன்வாசலில் 3 படிகள் உண்டு, சரிவுப்பாதை இன்னும் இல்லை. படியில்லாத வழி பின்வாசல், அகலம் 4 அடி, பார்வை நேரம் முழுவதும் திறந்திருக்கும். பெரிய எழுத்துக் குறிப்புகள் நுழைவுச்சீட்டு மேசையில் கிடைக்கும். பிரெய்ல் புத்தகமும் சைகைமொழி விளக்கமும் இப்போது இல்லை. ஒரு பானைப் பிரதியைத் தொட்டுப் பார்க்கலாம்."

"இல்லை" என்ற சொல் இதில் இரண்டு இடத்தில் குறையைச் சொல்ல வருகிறது. அதை வெட்டிவிடத் தோன்றும். வெட்டாதீர்கள். சைகைமொழி விளக்கம் இல்லை என்று தெரிந்தால், காது கேளாத பிள்ளைகளின் பள்ளி தன் ஆசிரியரையே மொழிபெயர்க்க அழைத்துவரும். சரிவுப்பாதை இல்லை என்று தெரிந்தால் வேன் டிரைவரிடம், "அண்ணே, வண்டியைப் பின்பக்கத் தெருவுல நிறுத்துங்க" என்று நான் சொல்லிவிடுவேன். "வசதி உண்டு" என்று நம்பி வந்தால்தான் நாங்கள் படிக்கு முன்னால் மாட்டிக்கொள்கிறோம்.

படத்தையும் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முகப்பைத்தான் போட வேண்டும் என்று இல்லையே. பின்வாசலைத் திறந்துவைத்து, உள்ளே பெட்டிகள் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தால் அதிலேயே பாதிச் செய்தி வந்துவிடும்.

கூடம் திறந்த அடுத்த வாரத்திலேயே என் வகுப்பைக் கூட்டிவர நினைக்கிறேன். இந்த ஆண்டு 34 பேர், இரண்டு ஆசிரியர்கள். சென்ற ஆண்டு வந்த பையன் இப்போது எட்டாம் வகுப்பு. பானையோட்டுக் கூடம் திறக்கிறார்கள் என்றதும், தானும் வரலாமா என்று வந்து கேட்டான். அதனால் பிள்ளைகள் 35 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கூடவே அவனுடைய அம்மாவும். தலைமை ஆசிரியரின் கடிதம் இம்முறை முத்திரையோடு என் பையில் இருக்கும். பின்வாசல் சாவி யாரிடம் இருக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சமூக அறிவியல் ஆசிரியை,
அரசு நடுநிலைப் பள்ளி